பதினொன்று, பத்தரை, பன்னிரண்டரை

பதினொன்று, பத்தரை, பன்னிரண்டரை. கூட்டினால் முப்பத்து நான்கு. எங்கள் கல்லூரியில் பி.காம். படிக்கும் ஒரு மாணவியின் விடைத்தாள் நகலின் முதல் பக்கத்தில் இந்த மூன்று எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. கீழே மொத்தம் 24. பக்கத்தில் எழுத்தாலும் "இரண்டு நான்கு". அதற்குக் கீழே ஒரு கையொப்பம், அது மட்டும் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தது.

பாடம் அடக்கவிலைக் கணக்கியல். எழுத்துத் தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25. தேர்ச்சி பெற இரண்டும் சேர்ந்து 40 வந்தால் மட்டும் போதாது, எழுத்துத் தேர்வில் தனியாக 30 எடுத்தாக வேண்டும். அவளுக்கு அகமதிப்பீட்டில் 19. மதிப்பெண் பட்டியலில் 19, 24, மொத்தம் 43 என்று வந்திருந்தது. நாற்பதைத் தாண்டியும் அரியர்.

"சார், கூட்டல்ல தப்பு இருக்கு சார். மெயில் எழுதியிருக்கேன், ஒரு தடவை பாத்துக் குடுங்க சார்" என்று கைப்பேசியை நீட்டினாள். நான் வணிகவியல் ஆசிரியன். மதிப்பீட்டு முகாம்களுக்கும் போய் வருகிறவன். அதனால் இந்த மாதிரி மின்னஞ்சல்கள் எழுதப்படும் பக்கமும் தெரியும், அவை போய்ச் சேரும் பக்கமும் ஓரளவு தெரியும். அவள் எழுதியிருந்ததன் தொடக்கம் இப்படி இருந்தது:

> மதிப்பிற்குரிய ஐயா, நான் இந்தப் பாடத்திற்கு மிகவும் கஷ்டப்பட்டுப் படித்தேன். மற்ற எல்லாப் பாடங்களிலும் நல்ல மதிப்பெண் பெற்றுள்ளேன். இந்தப் பாடத்தில் மட்டும் என் விடைத்தாள் சரியாகத் திருத்தப்படவில்லை. 12ஆவது கேள்விக்கு முழு விடையும் எழுதியும் 2 மதிப்பெண் மட்டுமே தரப்பட்டுள்ளது. மொத்தத்தில் 12 மதிப்பெண் குறைவாகப் போடப்பட்டுள்ளது. இதனால் என் எதிர்காலம் பாதிக்கப்படுகிறது. தயவுசெய்து மறுமதிப்பீடு செய்து தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் தெரிந்தே சொன்ன பொய் எதுவும் இல்லை. ஆனால் இப்படியே அனுப்பியிருந்தால் வேலை நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த 24 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

மதிப்பெண் பட்டியலில் அச்சாகும் கூட்டல் அநேகமாகத் தப்பாகாது. 19ஐயும் 24ஐயும் கூட்டி 43 என்று போடுவது கணினி. தப்பு அதற்கு முன்னாலேயே, கையால் எழுதிக் கையால் கூட்டும் இடத்தில், நடந்து முடிந்துவிடுகிறது. அந்த இடம் விடைத்தாளின் முதல் பக்கம்.

முகாமில் நடப்பது இதுதான். மாணவரின் பதிவெண் இருக்கும் பகுதியைக் கிழித்தோ மறைத்தோ எடுத்துவிட்டு, டம்மி நம்பர் போட்ட விடைத்தாள்களைக் கட்டாகக் கட்டிக் கொடுப்பார்கள். காலையில் ஒரு கட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கட்டு. ஒவ்வொரு விடையையும் படித்து, விடை முடிகிற இடத்தில் ஓரத்தில் மதிப்பெண் போட வேண்டும். தாள் முடிந்ததும் முதல் பக்கத்துக்கு வந்து, அங்கே இருக்கும் கட்டத்தில் கேள்வி எண்ணுக்கு நேரே அதை எடுத்து எழுத வேண்டும். அப்புறம் பகுதி அ, பகுதி ஆ, பகுதி இ என்று தனித்தனியாகக் கூட்டி, மூன்றையும் சேர்த்து மொத்தம் போட்டு, அதை எழுத்தாலும் எழுதிக் கையொப்பம் போட வேண்டும். பிறகு இந்த மொத்தம் மட்டும் மதிப்பெண் தாளில் ஏறும். கணினியில் பதிவு செய்பவர் பார்ப்பது அந்த ஒரு எண்ணைத்தான்.

ஆக ஒரு மதிப்பெண் உள்பக்கத்திலிருந்து பட்டியலுக்குப் போவதற்குள் நாலு கை மாறுகிறது, அல்லது ஒரே கையே நாலு முறை எழுதுகிறது. ஒவ்வொரு தாவலிலும் ஒரு வகைப் பிழைக்கு இடம் உண்டு. உள்ளே போட்டது கட்டத்தில் ஏறாமல் போகலாம். கட்டத்தில் இருப்பது பகுதிக் கூட்டலில் விட்டுப்போகலாம். பகுதிகளைச் சேர்க்கும்போது தப்பலாம். கடைசியில் மதிப்பெண் தாளில் ஏற்றும்போது இலக்கம் இடம் மாறலாம்.

இதைப் பிடிக்க ஆள் போடாமல் இல்லை. பள்ளிப் பொதுத்தேர்வு முகாம்களில் முதன்மைத் தேர்வாளர், கூர்ந்தாய்வாளர் இவர்களுக்கு மேலாகக் கூட்டலை மட்டும் பார்க்கவே மதிப்பெண் சரிபார்ப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். கல்லூரித் தேர்வுகளிலும் தலைமை மதிப்பீட்டாளர் சில தாள்களை எடுத்துப் பார்ப்பார். ஆனாலும் மாலை நாலு மணிக்கு மின்விசிறி காற்றில் தாள் படபடக்க, பேருந்துக்கு நேரமாகிறதே என்று கூட்டுகிற கூட்டல் எப்படி இருக்கும் என்பது உட்கார்ந்து கூட்டியவர்களுக்குத் தெரியும். எழுத்தால் எழுதச் சொல்வது ஒரு காவல்தான். ஆனால் எழுத்தால் எழுதும்போது யாரும் மறுபடி கூட்டுவதில்லை. எண்ணால் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதுகிறோம். எண்ணில் 24 என்று தப்பாக இருந்தால் எழுத்திலும் இரண்டு நான்குதான் வரும். பின்னால் யாராவது 2ஐ 3ஆகத் திருத்திவிடாமல் இருக்க அது உதவும். கூட்டல் பிழையைப் பிடிக்க உதவாது.

சரி, அவளுடைய தாளுக்கு வருவோம். நகலை மேசைமேல் விரித்து வைத்து அவளையே கூட்டச் சொன்னேன். அதுவும் மேலிருந்து கீழாக இல்லை, உள்ளிருந்து வெளியே. முதலில் உள்பக்கங்களைப் புரட்டி, ஒவ்வொரு விடைக்கும் ஓரத்தில் என்ன போட்டிருக்கிறது என்று தனித்தாளில் எழுதினாள். பகுதி அவில் பத்துக் கேள்விகள், தலைக்கு 2 மதிப்பெண்: 2, 1, 1½, 0, 1, 2, 0, 1, 1½, 1. மொத்தம் 11. பகுதி ஆவில் "அல்லது" வைத்த ஐந்து கேள்விகள், தலைக்கு 5: அவற்றில் 3, 2, 2½, 1, 2. மொத்தம் 10½. பகுதி இயில் ஐந்தில் மூன்று எழுத வேண்டும், தலைக்கு 10: அங்கே 4, 5½, 3. மொத்தம் 12½.

பிறகு இதை முதல் பக்கக் கட்டத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். எல்லாம் ஏறியிருந்தது. பகுதிக் கூட்டல்களும் சரி. தப்பு கடைசி வரியில் மட்டும். ஒன்றாம் இடத்தில் 1, 0, 2 சேர்ந்து 3. இரண்டு அரைகள் சேர்ந்து ஒன்று. ஆக 4. பத்தாம் இடத்தில் மூன்று ஒன்றுகள், ஆக 3. அந்த மூன்று ஒன்றுகளில் ஒன்று எண்ணப்படவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கணக்கெழுதி வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இருப்பு இடித்தால், எங்கே இடிக்கிறது என்று தேடுவதற்கு முன் எவ்வளவு இடிக்கிறது என்று பார்ப்பார்கள். வித்தியாசம் சரியாக 10 என்றால் பத்தாம் இடத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, இல்லையென்றால் "கையில் ஒன்று" கையிலேயே நின்றுவிட்டது. வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 53ஐ 35 என்று ஏற்றினால் வித்தியாசம் 18. 42ஐ 24 என்று ஏற்றினாலும் 18. எந்த இரண்டு இலக்க எண்ணைத் திருப்பிப் போட்டாலும் வித்தியாசம் 9இன் மடங்காகத்தான் வரும். வித்தியாசம் ஏதோ ஒரு கேள்விக்குக் கிடைத்த மதிப்பெண்ணுக்குச் சமமாக இருந்தால், அந்தக் கேள்வி கட்டத்தில் ஏறவில்லையா என்று போய்ப் பார்க்க வேண்டும். இவை நிரூபணம் ஆகா. எங்கே முதலில் பார்ப்பது என்று கைகாட்டும். இவளுக்கு வித்தியாசம் 10.

ஆனால் அவள் மின்னஞ்சலில் 12 குறைவு என்றல்லவா எழுதியிருந்தாள்? அந்த இரண்டு எங்கிருந்து வந்தது?

பகுதி இயில் அவள் மூன்றுக்குப் பதில் நாலு விடை எழுதியிருந்தாள். நேரம் மிச்சமிருந்ததாம். நாலாவதற்கும் ஓரத்தில் 2 என்று போட்டு, அதன் குறுக்கே கோடு இழுத்திருந்தார் திருத்தியவர். கேட்டதற்கு மேல் எழுதிய விடை கணக்கில் வராது. சில இடங்களில் முதலில் எழுதிய மூன்றை எடுப்பார்கள். சில இடங்களில் நாலிலும் அதிகம் வாங்கிய மூன்றை எடுப்பார்கள். இந்தத் தாளில் இருப்பதிலேயே குறைவான 2தான் அடிபட்டிருந்தது, ஆக எந்த விதிப்படி பார்த்தாலும் அவளுக்கு நஷ்டம் இல்லை. இவள் அந்த இரண்டையும் சேர்த்து 36 என்று கூட்டி வைத்திருந்தாள்.

மாணவர்கள் கூட்டல் பிழை என்று கொண்டு வருவதில் பாதிக்கு மேல் இப்படிக் கரைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். கூடுதலாக எழுதிய விடை ஒரு காரணம். "அல்லது" கேள்வியில் இரண்டு பக்கமும் எழுதிவிட்டு இரண்டையும் கூட்டுவது இன்னொன்று. அரை மதிப்பெண் மூன்றாவது. ஒவ்வொரு பகுதியிலும் வரும் அரையைத் தனித்தனியாக மேலே ஏற்றிக் கூட்டினால் ஒன்று கூடிவிடும். முழு எண்ணாக்குவது கடைசி மொத்தத்தில் ஒரே ஒரு முறைதான். இவளுடைய கணக்கையே அப்படிக் கூட்டினால் 11, 11, 13 என்று 35 ஆகியிருக்கும்.

36 என்று எழுதி அனுப்பியிருந்தால் என்ன ஆகும்? தேர்வுப் பிரிவில் இருப்பவர் தாளை எடுத்துப் பார்ப்பார். 36 வராது. நாலாவது விடை அடிக்கப்பட்டிருப்பது கண்ணில் படும். "கூடுதல் விடை, கணக்கில் சேராது" என்று எழுதி மூடிவிட வாய்ப்பு உண்டு. 34ஐக் கவனிப்பாரா என்பது அவருடைய அன்றைய பொழுதைப் பொறுத்தது. நூறு கடிதங்கள் காத்திருக்கும்போது, மறுக்க ஒரு காரணம் கிடைத்ததும் அடுத்ததற்குப் போவது மனித இயல்பு. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

12ஆவது கேள்வியும் அதே மாதிரி கவனத்தை வேறு பக்கம் திருப்பிவிடுகிற ஒன்றுதான். அந்த விடைக்கு 2 போதாது என்பது அவளுடைய எண்ணம். நானும் படித்துப் பார்த்தேன். பொருட்கிடங்கு வழங்கல் விலையை முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறையில் போட்டிருந்தாள், இரண்டாவது வழங்கலில் தடுமாறியிருந்தாள். 3 போடலாம் என்று எனக்குத் தோன்றியது. இன்னொருவர் 2தான் என்பார். அது மதிப்பீடு பற்றிய சண்டை. அதற்கு மறுமதிப்பீடு என்று தனி வழி இருக்கிறது. அங்கே வேறொரு ஆசிரியர் முழுத் தாளையும் புதிதாகத் திருத்துவார். கட்டணம் அதிகம், நாள் அதிகம், பல இடங்களில் மதிப்பெண் குறைந்தாலும் குறைந்ததையே ஏற்றுக்கொள்ள வேண்டும். மறுகூட்டலில் அப்படிப் புதிதாகத் திருத்துவது இல்லை. எல்லா விடைக்கும் மதிப்பெண் போடப்பட்டிருக்கிறதா, போட்டது முதல் பக்கத்தில் ஏறியிருக்கிறதா, கூட்டல் சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். யாரும் விடையைப் படிக்க மாட்டார்கள். எழுத்தரும் கண்காணிப்பாளரும் சேர்ந்து முடித்துவிடக்கூடிய வேலை.

அவள் கையில் இருந்தது மறுகூட்டலுக்கான வழக்கு, அதுவும் தோற்க வழியில்லாத வழக்கு. அதை எழுதிய மின்னஞ்சலில் கேட்டிருந்தது மறுமதிப்பீடு. அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் கடிதம் வேறு வரிசைக்குப் போய்விடும். "மறுமதிப்பீட்டுக்கு இணையதளத்தில் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கவும்" என்ற ஆயத்தப் பதில்தான் திரும்பி வரும்.

"அப்போ 12ஆவது கேள்விய விட்டுடணுமா சார்?"

"விட வேண்டாம்மா. இந்தக் கடிதத்தில் வேண்டாம். 34 வந்துவிட்டால் அது உனக்குத் தேவையா என்று அப்புறம் பார்க்கலாம்."

மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கினால் மட்டும் இந்த யோசனை உதவாது. அப்போது இரண்டில் எது வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். இடத்துக்கு இடம் விதி மாறும் என்பதால் அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படிப்பது நல்லது. நம் பிளஸ் டூ தேர்வில், விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பித்தவர் அதே நேரத்தில் அதே பாடத்துக்கு மறுகூட்டல் கேட்க முடியாது. நகல் கைக்கு வந்த பிறகுதான் மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று விண்ணப்பிக்க வேண்டும். அது நியாயமான வரிசை. தாளைப் பார்த்த பிறகு கேட்பதற்கும் குருட்டாம்போக்கில் கேட்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

தாளைப் பார்ப்பதே ஒரு காலத்தில் முடியாத காரியமாக இருந்தது. 1984இல் மகாராஷ்டிர மாநிலக் கல்வி வாரியத்தின் வழக்கு ஒன்றில், விடைத்தாளைக் காட்ட முடியாது என்று வாரியம் வைத்திருந்த விதி செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்வை எழுதிய ஆதித்யா பந்தோபாத்யாய் என்ற மாணவர் தன் விடைத்தாளைக் கேட்டுப் போராடிய வழக்கில், 2011 ஆகஸ்டில் அதே உச்ச நீதிமன்றம் திருத்திய விடைத்தாளும் அந்தச் சட்டப்படி "தகவல்"தான், எழுதியவர் கேட்டால் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை உண்டு என்றது. கூடவே இரண்டு எல்லைகளும் வைத்தது. திருத்தியவர் யார் என்று தெரியும்படியான விவரங்களை மறைத்துத்தான் தர வேண்டும். தாளைப் பார்க்கும் உரிமை இருப்பதாலேயே மறுமதிப்பீடு கேட்கும் உரிமை வந்துவிடாது. அவள் கையில் இருந்த நகலில் கையொப்பத்தின் மேல் கறுப்பு மை இருந்ததற்குக் காரணம் இதுதான். யார் திருத்தியது என்று துருவப் பார்க்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அதனால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது.

தகவல் உரிமைச் சட்டம் வழியாகவே நகல் கேட்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கேட்கலாம். ஆனால் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது. மறுகூட்டல் கேட்கும் காலம் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். தேர்வுப் பிரிவே கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் தரும் இடங்களில் அந்த வழிதான் சீக்கிரம்.

அப்புறம் கடிதத்தை மறுபடி எழுதினோம். எழுதினாள் என்றே சொல்ல வேண்டும். நான் வேண்டாத வரிகளை அடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கஷ்டப்பட்டுப் படித்தது போனது. எதிர்காலம் போனது. அது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். உண்மையில் கஷ்டப்பட்டுத்தான் படிக்கிறாள், காலையில் பூக்கடையில் இருந்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவள். ஆனால் 11, 10½, 12½ கூட்டுவதற்கு அதெல்லாம் யாருக்கும் தேவைப்படாது. கடைசியில் போனது இது:

> பொருள்: மறுகூட்டல் கோரிக்கை – அடக்கவிலைக் கணக்கியல், [பாடக் குறியீடு] – பதிவெண் [ … ] – விண்ணப்ப எண் [ … ]
>
> மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,
>
> மேற்கண்ட பாடத்தின் எழுத்துத் தேர்வில் எனக்கு 24 மதிப்பெண் என்று வெளியாகியுள்ளது. தங்கள் அலுவலகத்திலிருந்து பெற்ற விடைத்தாள் நகலின் முதல் பக்கத்தில் பகுதி அ 11, பகுதி ஆ 10½, பகுதி இ 12½ என்று உள்ளது. இவற்றின் கூட்டல் 34. மொத்தம் என்ற கட்டத்தில் 24 என்று எழுதப்பட்டுள்ளது.
>
> உள்பக்கங்களில் உள்ள மதிப்பெண்களையும் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவை பொருந்துகின்றன. பகுதி இயில் கூடுதலாக எழுதி, அடிக்கப்பட்ட விடையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.
>
> மறுகூட்டலுக்கு இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தியுள்ளேன். விடைகளை மறுமதிப்பீடு செய்யுமாறு இக்கடிதத்தில் கேட்கவில்லை. மொத்த மதிப்பெண்ணைச் சரிபார்த்துத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இணைப்பு: விடைத்தாள் முதல் பக்க நகல், மதிப்பெண் பட்டியல், நுழைவுச்சீட்டு, கட்டண ரசீது.

கீழே பெயர், வகுப்பு, கல்லூரி, கைப்பேசி எண். நகல், கல்லூரி முதல்வருக்கு. இணைப்புப் பெற்ற கல்லூரிகளில் மாணவரின் கடிதம் முதல்வர் வழியாகப் போவதுதான் முறை. நேரே போனால் "உரிய வழியில் அனுப்பவும்" என்று ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும்.

இதில் எனக்குப் பிடித்த வரி அந்த அடிக்கப்பட்ட விடை பற்றியது. அதைச் சேர்க்கச் சொன்னபோது அவள் தயங்கினாள். நமக்கு எதிராக இருப்பதை நாமே ஏன் எழுத வேண்டும் என்றாள். பிரிவில் இருப்பவர் தாளை எடுத்ததும் பார்க்கப்போவது அதைத்தான். அவருக்குச் சந்தேகம் வருவதற்கு முன்னாலேயே பதில் கையில் இருந்தால் அங்கே நிற்காமல் கூட்டலுக்குப் போய்விடுவார்.

இணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் அவள் முப்பத்தைந்து பக்க நகல் முழுவதையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தாள், எல்லாம் பக்கவாட்டில் திரும்பி, சிலவற்றில் அவளுடைய விரல். கூட்டல் பிழைக்கு முதல் பக்கம் ஒன்று போதும், அது நேராகவும் எண்கள் படிக்கும்படியும் இருக்க வேண்டும். உள்பக்க மதிப்பெண் முதல் பக்கத்தில் ஏறவில்லை என்றால்தான் அந்த உள்பக்கமும் வேண்டும், எந்தப் பக்கம் என்ற எண்ணோடு. அந்த 24ஐச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். அதையும் எடுக்கச் சொன்னேன். அலுவலக ஆவணத்தின் நகலில் நம் கை படாமல் இருப்பது நல்லது. எது அவர்கள் எழுதியது, எது நாம் எழுதியது என்ற கேள்வியே எழக்கூடாது.

மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிட்டு விண்ணப்பத்தை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பிழை இவ்வளவு வெட்டவெளிச்சமாக இருக்கும்போது எதற்குக் காசு கட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். ஆனால் விண்ணப்ப எண் இல்லாத கடிதத்துக்குக் கோப்பு கிடையாது, கோப்பு இல்லாததற்குத் தாளைக் கட்டிலிருந்து எடுக்க உத்தரவு கிடையாது. டம்மி நம்பரைப் பதிவெண்ணோடு பொருத்தி, அந்தக் கட்டைத் தேடி, தாளை வெளியே எடுப்பதுதான் அங்கே பெரிய வேலை. கூட்டுவது அரை நிமிடம். அந்த வேலையைத் தொடங்கி வைப்பது விண்ணப்பம். கடிதம் செய்வது, தாள் வெளியே வந்ததும் கண் எங்கே போக வேண்டும் என்று காட்டுவது.

ஒன்றை மட்டும் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அடுத்த பருவத்துக்கான அரியர் கட்டணத்தையும் கட்டிவிடு. முடிவு எப்போது வரும் என்று தெரியாது, தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி அதற்காகக் காத்திருக்காது. வீட்டில் அதற்கு முணுமுணுப்பு இருந்திருக்கும். ஆனாலும் கட்டினாள்.

பதில் வந்தது, இரண்டே வரி. மறுகூட்டலில் மதிப்பெண் 34 எனத் திருத்தப்பட்டது, அசல் மதிப்பெண் பட்டியலை ஒப்படைத்துத் திருத்திய பட்டியலைப் பெற்றுக்கொள்ளவும். எப்படி நடந்தது, யாரால் நடந்தது என்று ஒன்றும் இல்லை. எதிர்பார்த்ததுதான்.

அதோடு முடியவில்லை. இணையதளத்தில் 34 என்று மாறியிருந்தது, பக்கத்தில் முடிவு என்ற இடத்தில் மட்டும் பழைய அரியர் அப்படியே நின்றது. மதிப்பெண் ஓர் அட்டவணையிலும் தேர்ச்சி நிலை வேறோர் அட்டவணையிலும் இருக்கும்போது இப்படி ஆவது உண்டு. கவனிக்காமல் விட்டால் கடைசிப் பருவத்தில் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் அச்சாகும்போதுதான் தெரியும். அப்போது எல்லோரும் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிற அவசரத்தில் இருப்பார்கள். அதற்கும் ஒரு கடிதம் எழுதினாள். இந்த முறை என்னிடம் காட்டவில்லை. திருத்த உத்தரவின் தேதி, எந்த இடத்தில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும் என்று நாலு வரி. அதுவும் சரியானது. புதிய பட்டியலை வாங்கியதும் நகல் எடுத்துக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து, அங்கே இருக்கும் பதிவேட்டிலும் மாற்ற வைத்தாள்.

12ஆவது கேள்விக்கு மறுமதிப்பீடு கேட்கவில்லை. 53ஐ 54 ஆக்குவதற்கு அந்தக் காசு தண்டம் என்று அவளே கணக்குப் போட்டுவிட்டாள். அரியருக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று போன வாரம் கேட்டாள். கட்டிய கட்டணம் திரும்பாது என்று அறிவிப்பிலேயே இருக்கிறது என்றேன். "அவங்க தப்புக்குக் கட்டினதுக்குமா சார்?" என்றாள். அந்தக் கடிதத்தை எந்தப் பொருள் போட்டு, யாருக்கு எழுதுவது என்று இருவரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.